சருகு, மட்டை, ஷீட்: காய்கறிப் பாத்தி மூடாக்குகள் குறித்து ஒரு மதிப்பீடு

மூடாக்கைப் பற்றிய நம் பேச்சில் முறை சார்ந்த குறை ஒன்று நெடுநாளாக இருந்துவருகிறது. நம்மாழ்வார் வழியிலும் பாலேக்கர் வழியிலும் வந்தவர்கள் மண்ணை அளவுகோலாக வைத்துச் சருகுக்கு முதலிடம் தருகிறார்கள். சொட்டுநீரும் மல்ச்சிங் ஷீட்டுமாகப் பயிர் செய்பவர்கள் களைக்கூலியையும் தண்ணீரையும் அளவுகோலாக வைத்து ஷீட்டுக்குத் தருகிறார்கள். தென்னை மிகுந்த ஊர்களில் கையருகே குவிந்து கிடப்பது தேங்காய் மட்டை என்பதால், மட்டைக்கு ஆதரவு தேடாமலே கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு தரப்பின் கூற்றும் அதனதன் எல்லைக்குள் உண்மைதான். ஒரே மண்ணில், ஒரே பட்டத்தில், ஈரம், களை, மண் ஆகிய மூன்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது மட்டும் அரிதாகவே நடக்கிறது.

அப்படி நிறுத்துப் பார்க்க ஒரு களம் வேண்டும். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட செம்மண்ணை எடுத்துக்கொள்கிறேன். நாலடி அகல மேட்டுப்பாத்தி, தை மாதக் கடைசியில் நட்ட தக்காளியும் கத்தரியும், பாத்தி நடுவே சொட்டுநீர்க் குழாய். இந்தப் பட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், இது மூடாக்கை மூன்று வகையிலும் சோதிக்கிறது: மாசி, பங்குனியில் வறண்ட வெயில், சித்திரையில் விட்டுவிட்டுப் பெய்யும் கோடை மழை, அறுவடை முடியும் நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று. மூன்று பொருளும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். மூடாத பாத்தி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் சொல்லப்படும் எந்த ஒப்பீட்டுக்கும் அடித்தளம் இல்லை.

முதலில் ஈரம். வெறும் மண்ணிலிருந்து நீர் ஆவியாவது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மேல்மண் நனைந்திருக்கும் வரை வெயிலும் காற்றும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவையும் மண் கொடுத்துவிடும். மேலே ஓர் அங்குலம் காய்ந்தபின் அந்தக் காய்ந்த புழுதியே கீழுள்ள ஈரத்துக்குத் திரையாகிவிடும். இழப்பு வெகுவாகக் குறையும். வாரத்துக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சும் வயலில் மூடாக்கின் பங்கு நாம் எண்ணுவதைவிடக் குறைவாகவும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும் பாத்தியில் மிக அதிகமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். சொட்டுநீர் மேல்மண்ணைக் காயவே விடுவதில்லை. ஆகவே எந்த மூடாக்கையும் மதிப்பிடுமுன் நீர் எவ்வப்போது, எப்படி விடப்படுகிறது என்று கேட்க வேண்டும். நான்கு பாத்திக்கும் ஒரே அளவு நீர் விட்டு விளைச்சலை மட்டும் ஒப்பிடுவதும் பிழை. வெறும் பாத்திக்குப் போதிய அளவு நீர், ஷீட் போட்ட பாத்தியில் வேரை மூச்சுமுட்ட வைக்கும். நீர் தேவைக்கேற்ப மாற வேண்டும். ஒப்பிட வேண்டியது செலவான நீரையும் வேர் மட்டத்து ஈரத்தையும்.

இந்த அளவில் ஷீட்டுக்கு நிகர் ஏதுமில்லை. நீராவி வெளியேற அதில் வழியே இல்லை. செடிக்காகப் போட்ட துளை மட்டுமே திறப்பு. மேல்மண் முதல் அறுவடை வரை ஒரே சீரான ஈரத்தில் இருப்பதால் தக்காளியில் காய் வெடிப்பும் பூமுனை அழுகலும் குறைகின்றன. இரண்டுக்கும் ஈரம் ஏறியிறங்குவது முக்கியக் காரணம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் வெளியே போக விடாத அதே தாள், உள்ளே வரவும் விடுவதில்லை. சித்திரையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஷீட்டின் மேல் வழிந்து வாய்க்காலுக்குப் போகிறது. போகும் வேகத்தில் வாய்க்கால் மண்ணையும் அரித்துப் போகிறது. எனவே ஷீட்டின் ஈரச் சாதனை சொட்டுநீரோடு சேர்ந்த சாதனை. மழையை நம்பும் பாத்தியில் அது பாதிச் சாதனைதான்.

இன்னொரு குறை கண்ணை ஏமாற்றுவது. ஷீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதை வைத்து மண் ஈரமாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் பலர். அரை அங்குல மேல்மண்ணின் ஈரம் போதும், அந்த முத்துகள் கோக்க. ஒரு சொட்டுவாய் அடைத்துக்கொண்டால் ஷீட்டுக்கு அடியில் நடப்பது வெளியே தெரியாது. நடுப்பகலில் அந்த ஒரு செடி மட்டும் துவளும்போதுதான் தெரியும். துளை வழியே விரலை நாலு அங்குலம் இறக்கி மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பத்தக்க எளிய வழி இல்லை.

சருகு இந்த அளவில் இரண்டாவதாக வருகிறது. அந்த இரண்டாமிடம் போடும் முறையைப் பொறுத்தது. வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி போன்ற சிறு இலைகளைத் தளர்வாக நாலு அங்குலம் பரப்பினால் மூன்று வாரத்தில் இரண்டு அங்குலமாகப் படிந்து, காற்றுப் புகும், நீர் இறங்கும் ஒரு மெத்தையாக நிற்கும். தேக்கு, பலா, நாட்டு வாதுமை போன்ற அகல இலைகளை அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மழைநீரை ஷீட்டைப்போலவே ஓரத்துக்குத் தள்ளிவிடும். அவற்றை நொறுக்கித்தான் போட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் சருகைப் பரப்புவது இன்னொரு பொதுப்பிழை. மூடாக்கு இருப்பதைக் காக்கும், இல்லாததைத் தராது. நன்றாக நனைத்து, மறுநாள் மண் பதமானபின் மூட வேண்டும்.

சருகின் உண்மையான பலவீனம் சிறு மழையில் வெளிப்படுகிறது. ஐந்து மில்லிமீட்டருக்குள் பெய்யும் தூறலில் பெரும்பகுதியைச் சருகே உறிஞ்சிக்கொண்டு மறுநாள் வெயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பூவாளியால் மேலோட்டமாகத் தெளிப்பவர்களும் இதே இழப்பில் மாட்டுகிறார்கள்: மேலே நனைந்த சருகு, கீழே வறண்ட மண். சொட்டுநீர்க் குழாய் சருகுக்கு அடியில் ஓடினால் இந்தக் குறை நீங்கும். பெருமழையில் நிலைமை தலைகீழ். துளி மண்ணை அறையாமல் சருகு தாங்கிக்கொள்வதால் செம்மண் மேலோடு கட்டுவதில்லை. நீர் விழுந்த இடத்திலேயே இறங்குகிறது. ஷீட் இழக்கும் கோடை மழையைச் சருகுப் பாத்தி வாங்கிக்கொள்கிறது. பட்டம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் இரண்டுக்கும் இடைவெளி மாசியில் தோன்றியதைவிட வைகாசியில் குறைந்திருக்கும்.

மட்டையை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் புகழ் வேறு களத்தில் சம்பாதித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னை வட்டப்பாத்திக்குப் பரிந்துரைப்பது நூறு மட்டை, குவிந்த பக்கம் மேலே இருக்குமாறு. குழியில் புதைத்து நீர் தேக்கும் முறையில் நேர்மாறாக, குழிந்த பக்கம் மேலே. முதலாவது ஆவியாதலைத் தடுக்க, இரண்டாவது நீரைப் பிடித்து வைக்க. இந்த வேறுபாட்டை அறியாமல் பாத்தியின் மேல் குழிந்த பக்கத்தை மேலாக்கி அடுக்குபவர்கள் ஒவ்வொரு மட்டையிலும் மழைநீரைத் தேக்கி ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டுகிறார்கள். நீர் மண்ணுக்கும் போவதில்லை.

சரியாகக் குவித்து வைத்தாலும் காய்கறிப் பாத்தியில் மட்டையின் வடிவமே அதற்கு எதிரி. வளைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஓரங்கள் மட்டும் மண்ணைத் தொட, அடியில் காற்றுக்கூடு நிற்கிறது. துண்டுகளுக்கு இடையே விரல் அகல இடைவெளிகள். நிழல் கிடைக்கிறது, அடைப்புக் கிடைப்பதில்லை. ஒன்றரை, இரண்டடி இடைவெளியில் நட்ட கத்தரிச் செடிகளைச் சுற்றி மட்டையைப் பொருத்துவது, பரந்த வெற்றிடமாக இருக்கும் தென்னை வட்டத்தில் பரப்புவதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. நறுக்கிய மட்டைத்துண்டுகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்குல அளவுத் துண்டுகளை இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் காப்பதில் அது சருகுக்குச் சமம். நீடித்து நிற்பதில் சருகைவிட மேல். காற்றில் பறப்பதும் இல்லை.

களையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விதையிலிருந்து வரும் களை வேறு, கிழங்கிலிருந்தும் வேர்த்தண்டிலிருந்தும் வரும் களை வேறு என்று பிரித்துவிட்டால் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும். பார்த்தீனியம், குப்பைக்கீரை, பருப்புக்கீரை போன்றவற்றின் சிறு விதைகளில் இரண்டு அங்குலச் சருகைத் துளைத்து வரும் அளவுக்குச் சேமிப்பு இல்லை. சருகு அவற்றை அடக்கும், ஆனால் மெல்லிதான இடமெல்லாம் தோற்கும். பங்குனிக் கடைசியில் ஒருமுறை மேலே சேர்க்காவிட்டால் கோடை மழைக்குப் பின் களை மேலே வந்துவிடும். ஒளி புகாத ஷீட் அவற்றை முழுதாக அடக்கும். மிஞ்சுவது துளையருகே முளைப்பவையும் வாய்க்காலில் முளைப்பவையும்தான். மட்டையில் இடைவெளி தோறும் களை வரும். வரும் களையின் வேர் மட்டைக்கு அடியில் இருப்பதால் பிடுங்கினால் அறுந்துபோகும். மட்டையைத் தூக்கிப் பிடுங்கலாம் என்றால் அடியில் தேளும் பூரானும் இருக்கக்கூடும். கை வைத்து வேலை செய்யும் பாத்தியில் இது சிறு குறை அல்ல.

கோரைக்கு முன் மூன்றும் தோற்கின்றன. கோரைக்கிழங்கின் ஊசி முளை 25 மைக்ரான் ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சருகு அதற்கு ஒரு தடையே அல்ல. கோரை மண்டிய நிலத்தில் ஷீட் போட்டவர்களின் ஏமாற்றம் பொருளின் குறையால் வந்ததல்ல, நோயைப் பிரித்தறியாததால் வந்தது. அங்கே மூடாக்குக்கு முன்பே, கோடை உழவில் கிழங்கைப் புரட்டிக் காயவிட்டு, முளைத்ததை மீண்டும் மீண்டும் அகற்றிக் கிழங்கின் சேமிப்பைத் தீர்க்க வேண்டும்.

தீர்ப்பைத் தீர்மானிப்பது மண் என்பது என் நிலைப்பாடு. இங்கும் ஷீட்டுக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். ஷீட்டின் அடியில் மண் இறுகுவதில்லை; நட்ட அன்று இருந்த பொலபொலப்பு அறுவடை வரை நிற்கிறது. உரம் மழையில் கரைந்து ஓடுவதும் இல்லை. வெள்ளிப் பக்கம் மேலே இருந்தால் பிரதிபலிக்கும் ஒளி வெள்ளை ஈயையும் இலைப்பேனையும் குழப்புவதால், தக்காளியில் இலைச்சுருள் நச்சுநோய் தொற்றுவது முதல் சில வாரங்களில் தள்ளிப்போகிறது. செடி படர்ந்து ஷீட்டை மறைக்கும் வரைதான் இந்தப் பலன், ஆனாலும் அந்த இளமைக் காலத்துத் தொற்றுதான் விளைச்சலை அழிப்பது. சருகும் மட்டையும் இந்தப் பலனைத் தர முடியாது.

எதிர்ப்பக்கத்தில் முதலாவது வெப்பம். குளிர்நாடுகளில் கறுப்பு ஷீட் பரவியதே மண்ணைச் சூடாக்கத்தான். நம் மாசி, பங்குனி மண்ணுக்கு அந்த உதவி தேவையில்லை. கறுப்புப் பக்கம் மேலே போட்டால் அடியில் தேங்கும் சூடான காற்று துளை வழியே வெளியேறி இளந்தண்டைச் சுடும். ஷீட்டைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பேறிச் சுருங்கி நாற்று சாய்வதைப் பார்த்துப் பலர் அதை வேரழுகல் என்று எண்ணி மருந்து ஊற்றுகிறார்கள். வெள்ளி மேலே, துளை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல், தண்டு தாளைத் தொடாமல் என்ற மூன்றும் இருந்தால் இந்தச் சேதம் தவிரும். இரண்டாவது குறைக்கு அப்படி எளிய பரிகாரம் இல்லை. ஷீட்டுக்கு அடியில் ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்திருப்பதால் மண்ணின் மட்கு வேகமாகக் கரைந்து பயிருக்குச் சத்தாகிறது. பயிரின் செழிப்பில் ஒரு பங்கு இப்படி வந்தது. கரைந்ததை ஈடுசெய்ய மேலிருந்து எதுவும் இறங்குவதில்லை. பட்டத்துக்குப் பட்டம் தொழுவுரம் போடாமல் ஷீட்டை மட்டும் போட்டுவந்தால் மண் தன் முதலைச் செலவழிக்கிறது.

மூன்றாவது, எடுப்பது. ஐந்தடிக்கு ஒரு பாத்தி என்றால் ஏக்கருக்கு 2,700 மீட்டர் நீளம். 400 மீட்டர் சுருள் ஏழு வேண்டும். நாலடி அகலம், 25 மைக்ரான் தடிமன் கொண்ட சுருள் ஒன்று சுமார் 11 கிலோ. ஆக ஏக்கருக்கு 75 கிலோவுக்கு மேல் நெகிழி. அதில் நூற்றில் ஐந்து பங்கு கிழிந்து மண்ணில் தங்கினாலும் பட்டத்துக்கு ஏறத்தாழ நாலு கிலோ. வெயிலில் நைந்த ஷீட், மண்ணில் புதைந்த ஓரத்தில்தான் கிழியும்; அங்கே தங்கும் துண்டுதான் அடுத்த உழவில் பொடியாகும். மெல்லிய தாளில் இந்தச் சிக்கல் பன்மடங்கு. மிக மெல்லிய ஷீட்டைப் பல ஆண்டுகள் பருத்தி வயல்களில் போட்ட சீனா, 2017-இல் தன் குறைந்தபட்சத் தடிமனை 8 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாக உயர்த்தியதற்குக் காரணம், அறுவடைக்குப் பின் முழுதாகத் தூக்க முடியாததே. ஷீட்டை மதிப்பிடும் எவரும் விரிக்கும் நாளைப் பார்க்கிறார்கள்; நான் பார்ப்பது தூக்கும் நாளை.

சருகுக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பது. இது பாதி உண்மை. மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சருகில் போதாத தழைச்சத்தைச் சுற்றுமண்ணிலிருந்து எடுப்பது மெய். ஆனால் சருகு மேலேயே கிடக்கும்போது இது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும் நடக்கிறது, வேர் மட்டம் பாதிக்கப்படுவதில்லை. சருகை மண்ணுக்குள் கொத்திவிட்டால்தான் அடியிலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகும். ஆக, குற்றம் சருகின்மேல் இல்லை, மண்வெட்டியின்மேல். சருகின் மெய்யான குறைகள் வேறு. செம்மண்ணில் கரையான் உண்டு. உலர்ந்த சருகை அது விரைவில் தின்றுவிடும், சருகு ஈரமாக இருந்தால் வரத்து குறையும். மழைக்காலத்தில் நத்தை பெருகும். தண்டை ஒட்டிக் குவித்தால் கழுத்தழுகல் வரும். நாலு விரல் தள்ளியே போட வேண்டும். யூக்கலிப்டஸ் சருகு முளைப்பையும் இளவேரையும் அடக்குவதால் அதைத் தவிர்க்க வேண்டும். கீரை, முள்ளங்கி போல நேரடியாக விதைக்கும் பயிரில் நாற்று ஒரு சாண் வளரும் வரை சருகுக்கு இடமில்லை.

இத்தனையும் சொன்னபின், பட்டம் முடிந்து சருகை விலக்கிப் பார்த்தால் தெரிவதை வேறு எந்த மூடாக்கும் காட்டாது. அடியடுக்கு கறுத்து இழையாகி, எது சருகு எது மண் என்று கோடு போட முடியாமல் கலந்திருக்கும்; மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடக்கும்; வெள்ளைப் பூசண இழைகள் ஓடியிருக்கும்; கத்தரியின் நுண்வேர்கள் மேலேறி அந்த அடுக்குக்குள்ளேயே பரவியிருக்கும்.

மட்டைக்கு மண் அளவில் நான் தரும் மதிப்பெண் அதன் ஆதரவாளர்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சாம்பல்சத்து அதில் மிகுதி. அது உண்மையான நன்மை. கூடவே குளோரைடு உப்பும் உண்டு, துவர்ப்பொருளும் உண்டு. பச்சை மட்டையிலிருந்து இறங்கும் பழுப்பு நீர் உப்புக்கு அஞ்சும் பீன்ஸ் நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கக்கூடும். ஒரு மழைக்காலம் முழுதும் வெளியில் நனைந்து கழுவப்பட்ட மட்டையில் இந்த அச்சம் பெரிதும் குறையும். ஆனால் மட்கும் வேகம் குறையாகவே நிற்கும். மட்டையிலிருந்து பிரியும் நார்க்கழிவில் கரிம-தழைச்சத்து விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருப்பதால்தான், டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து அதை 24-க்கு 1 என்று இறக்கும் முறையை அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்தது. அத்தனை உழைப்பைக் கேட்கும் பொருள் பாத்தியின் மேல் சும்மா கிடந்து நாலு மாதத்தில் மண்ணாகும் என்று எதிர்பார்ப்பதில் தர்க்கம் இல்லை. மட்டை காக்கும், ஊட்டாது.

இந்த அளவுகளில் சருகுதான் காய்கறிப் பாத்திக்கு முதல் தேர்வு என்பது என் தீர்ப்பு, ஒரு கறாரான எல்லையோடு. பாத்திப் பரப்பில் மட்டும் சதுர மீட்டருக்கு மூன்று கிலோ என்று வைத்தால் ஒரு சென்ட் தோட்டத்துக்கு நூறு கிலோ போதும். மரங்கள் சூழ்ந்த வீட்டில் அது ஒரு பனிக்காலத்தில் உதிர்வது. ஏக்கருக்கு அதே கணக்கு பத்து டன். அதை வெளியிலிருந்து அள்ளிவந்தால் அள்ளிய இடத்தின் மண் வெறுமையாகிறது. காட்டுத் தரையிலிருந்து சருகு வாரி வயலை வளப்படுத்துவதை நான் இயற்கை வழி என்று ஏற்க மாட்டேன். ஆகவே சருகின் ஆட்சி எல்லை, தன் நிலத்து மரங்கள் தரும் அளவுதான். வரப்பில் கிளிரிசிடியாவும் புங்கமும் வைத்து அந்த எல்லையை ஓரளவு நகர்த்தலாம்.

அந்த எல்லைக்கு அப்பால், ஏக்கர் கணக்கில் சொட்டுநீரில் தக்காளியும் மிளகாயும் செய்பவர்களுக்கு ஷீட்டை மறுக்க என்னிடம் நேர்மையான காரணம் இல்லை, நிபந்தனைகள் உண்டு. 25 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, அடியில் தொழுவுரம் தவறக் கூடாது, கடைசி அறுவடை ஆனதும் செடியைத் தரையோடு வெட்டிவிட்டு மண் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஓரத்தைக் கிளப்பிச் சுருட்டிவிட வேண்டும். காய்ந்த மண்ணில் இழுத்தால் ஓரம் கிழிந்து தங்கும். அறுவடை முடிந்தும் ஆடிக் காற்று வரை விட்டுவைத்த ஷீட் யாருடைய வயலில் இருந்தாலும், அந்தப் பட்டத்தின் நீர்ச் சேமிப்பையும் களைச் சேமிப்பையும் நான் கணக்கில் ஏற்பதில்லை. மட்டையைப் பாத்தியிலிருந்து இறக்கி நடைபாதைக்கும் முருங்கை, கறிவேப்பிலை வட்டங்களுக்கும் அனுப்பலாம், குவிந்த பக்கம் மேலே இருக்க.